மூன்றாவது தடவை உயர்தரம் எழுதும் நண்பனுக்குத் துணை நிற்பது எப்படி?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். உயிரியல் பிரிவு எடுத்து, மருத்துவ பீடத்தைக் குறிவைத்து, இரண்டு தடவை க.பொ.த. உயர்தரம் எழுதி, இரண்டு தடவையும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர். கூடப் படித்தவர்கள் வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனைப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள். அவர் இன்னும் அதே ரியூசன் கொட்டகையில், தன்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளுக்கு மேல் தோற்றிய பெறுபேறு எடுபடாது. ஆகவே மூன்றாவது தடவை எழுதுகிறவருக்குப் பாடத்தைவிட ‘இதுதான் கடைசி’ என்ற நினைப்பே பெரிய சுமை.

அப்படி ஒரு நண்பனுக்கு உதவ நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கலைப் பிரிவில் படித்தவர்கூட இதைச் செய்யலாம். தேவைப்படுவது வாரத்தில் ஒரு அரை நாள், ஒரு மணிக்கூடு, கொஞ்சம் பொறுமை.

முதலாவது: பேச்சைத் தொடங்குவது

வீட்டுக்குப் போய்ப் பேசாதீர்கள். வீட்டில் அம்மா தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்பார். “தம்பி, இவனுக்கு நீதான் புத்தி சொல்ல வேண்டும்” என்பார். அந்த நொடியிலிருந்து நீங்கள் நண்பன் இல்லை. வீட்டார் அனுப்பிய ஆள். வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். களுவாஞ்சிக்குடி என்றால் கடற்கரை இருக்கிறது, கல்லடி என்றால் பாலம் இருக்கிறது. பக்கத்தில் பக்கமாக நடந்துகொண்டு பேசுவது, எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட இலகு.

“இந்த முறை கட்டாயம் கிடைக்கும்” என்று சொல்லாதீர்கள். அவனுக்கு இரண்டு வருடமாக எல்லோரும் அதைத்தான் சொல்லிவருகிறார்கள். உங்களுக்கு அது தெரிய வழியில்லை என்பது அவனுக்கும் தெரியும். “விட்டுத்தள்ளு மச்சான், வேறு எத்தனையோ இருக்கிறது” என்பதும் வேண்டாம். அந்தப் பேச்சுக்கு வேறொரு நாள் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதல் நாளில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “உனக்கு உண்மையில் இன்னொரு தடவை எழுத விருப்பமா, அல்லது வீட்டுக்காகவா?”

பதில் உடனே வராது. “வீட்டுக்காக” என்று வந்தால், கீழே வருகிற படிகளில் பாதி அவனுக்குத் தேவையில்லை. விண்ணப்பங்களைப் பற்றிய பகுதிக்கு நேரே போய்விடலாம். “விருப்பம்தான், ஆனால் முடியாது போலிருக்கிறது” என்று வந்தால் மிச்சத்தைத் தொடருங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சோர்வு வேறு, ஆபத்து வேறு. பல நாட்களாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஆட்களின் முகத்தைப் பார்க்கவே வெளியில் வருவதில்லை, “நான் இருந்து என்ன பயன்” என்ற மாதிரிப் பேச்சு, தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது: இவற்றைக் கண்டால் பரீட்சைப் பேச்சை நிறுத்திவிட்டு நேரடியாகவே கேளுங்கள், “செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் கூட இருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அவன் “யாருக்கும் சொல்லாதே” என்று கேட்டாலும், வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது: பழைய பெறுபேற்றைச் சேர்ந்து வாசிப்பது

சோர்ந்திருப்பவன் தன் பெறுபேற்றை ஒரே சொல்லில் வைத்திருப்பான்: “சரிவரவில்லை.” நீங்கள் அந்தத் தாளை மேசையில் விரித்து வைக்க வேண்டும்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒருவரின் கதையை எடுத்துக்கொள்கிறேன். களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பையன். முதல் தடவை உயிரியல் சி, இரசாயனவியல் எஸ், பௌதிகவியல் எஃப். இரண்டாவது தடவை உயிரியல் பி, இரசாயனவியல் சி, பௌதிகவியல் எஸ். அவன் இதை ‘இரண்டு தோல்வி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். தாளைப் பார்த்தால் மூன்று பாடமும் ஒவ்வொரு படி ஏறியிருக்கிறது. பௌதிகவியல்தான் மற்ற இரண்டையும் கீழே இழுக்கிறது.

இழுப்பது எவ்வளவு என்று காட்டுவதற்கு இசட் புள்ளி எப்படி வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாடத்தில் அவன் எடுத்த புள்ளியிலிருந்து அந்த வருடம் அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியமவிலகலால் பிரிப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படி வருவதைக் கூட்டி மூன்றால் பிரித்ததே பெறுபேற்றில் இருக்கும் எண். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பௌதிகவியலின் சராசரி 40, நியமவிலகல் 18 என்று வைத்துக்கொள்வோம். 45 எடுத்தவனுக்கு அந்தப் பாடத்தில் 0.28 கிடைக்கும். அவனே 63 எடுத்தால் 1.28. அந்த ஒரு பாடத்தால் மட்டும் மொத்த இசட் புள்ளி 0.33 கூடிவிடும். ஏற்கனவே நன்றாகச் செய்கிற உயிரியலில் அதே 18 புள்ளியைத் தேடிப் பிடிப்பது இதைவிடக் கடினம். அங்கே ஏறுவதற்கு மிச்சம் இருக்கும் இடமே குறைவு.

அடுத்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் மாவட்டவாரியான வெட்டுப்புள்ளி அட்டவணையை எடுத்து, அவன் எண்ணுக்கும் அவனுடைய மாவட்டத்தின் மருத்துவ வெட்டுப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியை அவன் கையாலேயே எழுத வையுங்கள். வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் கடைசி மூன்று வருடங்களையும் பாருங்கள்.

மாவட்டம் என்று சொல்லும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவம் உள்ளிட்ட பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16-இல் அடங்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு மாவட்டங்கள். பெரியகல்லாறு தாண்டிப் பெரியநீலாவணைக்குள் கால் வைத்தால் அம்பாறை. களுவாஞ்சிக்குடிப் பிள்ளையும் கல்முனைப் பிள்ளையும் ஒரே ரியூசனில் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள்; மாவட்ட ஒதுக்கீட்டில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவதில்லை. ரியூசனில் ஒட்டுகிற ‘ராங்க்’ பட்டியலைப் பார்த்துவிட்டு “நான் நாற்பதாவது, முடிந்தது” என்று அவன் சுருண்டு படுத்திருந்தால், அந்த முப்பத்தொன்பது பேரில் எத்தனை பேர் அவனுடைய மாவட்டம், எத்தனை பேர் முதல் தடவை எழுதுகிறவர்கள், எத்தனை பேர் மருத்துவம் தவிர வேறெதையோ நோக்கிப் படிக்கிறவர்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஆசிரியருக்கு விளம்பரம். பிள்ளைக்கு அதில் பெரிய தகவல் இல்லை.

இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அவன் உங்களை நம்பப்போவது நீங்கள் சொன்ன நல்ல செய்தியால் மட்டும் அல்ல.

மூன்றாவது: ஒரு வினாத்தாள், ஒரு மணிக்கூடு

இந்த வேலைக்குத்தான் நண்பன் உண்மையில் தேவை. தனியே இருந்து செய்தால் ஒருவரும் ஒழுங்காகச் செய்வதில்லை.

மூன்றாவது தடவை எழுதுகிறவர்களிடம் ஒரு பொதுவான பழக்கத்தைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அதே பாடக் குறிப்பை மூன்றாவது முறையாகக் கேட்கப் போகிறார்கள். ஆசிரியர் சொல்லும் உதாரணம் முன்கூட்டியே தெரியும், அவருடைய பகிடிகூடத் தெரியும். தலையாட்டிக்கொண்டு இருக்கும்போது ‘எனக்கு இது தெரியும்’ என்ற நிம்மதி வருகிறது. பரீட்சை மண்டபத்தில் அந்த நிம்மதி உதவாது. அவன் அறையில் இரண்டு அடுக்கைப் பாருங்கள்: குறிப்புக் கொப்பிகள் எத்தனை, எழுதித் திருத்திய விடைத்தாள்கள் எத்தனை. முதலாவது மேசைக்கு மேலே எழும்பி நிற்கும். இரண்டாவது ஒரு கோப்பைக்கூட நிரப்பாது. அப்படியானால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிட்டது.

ஒரு ஞாயிறு காலையைப் பிடியுங்கள். மிகவும் பலவீனமான பாடத்தின் கடந்தகால வினாத்தாள் ஒன்று, பரீட்சைகள் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு. பௌதிகவியல் முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். அதாவது ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். தொலைபேசியை நீங்கள் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைச் சொல்வதைத் தவிர வாயைத் திறக்காதீர்கள்.

நம்முடைய களுவாஞ்சிக்குடிப் பையனின் முதல் தாள் எப்படி முடிந்தது என்று பார்ப்போம். 2 மணித்தியாலத்தில் அவன் தொட்டது 36 வினா. அதில் சரி 22, பிழை 14. மிச்சம் 14 வினா வெறுமை. “பார்த்தாயா, 22” என்று பேனையைப் போட்டுவிட்டான். அங்கேயே விட்டிருந்தால் அது இன்னொரு தோல்வியாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

அடுத்த நாள், வெறுமையாக விட்ட 14 வினாக்களையும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் செய்யக் கொடுத்தார் அவனுடைய நண்பர். 8 சரியாக வந்தது. பிழைத்த 14-ஐ ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 5 வினாவில் உண்மையிலேயே விஷயம் தெரியாது. 9 வினாவில் வழி சரி, விடை பிழை: ஓரிடத்தில் சென்ரிமீற்றரை மீற்றராக மாற்றவில்லை, ஓரிடத்தில் சைன் கொசைன் இடம் மாறிவிட்டது, நான்கைந்து இடத்தில் வெறும் பெருக்கல் வகுத்தல் பிழை.

இப்போது கணக்கு வேறு மாதிரி நிற்கிறது. போன புள்ளி 28. அதில் 8 நேரத்தால் போனது, 9 கவனத்தால் போனது. அறியாமையால் போனது 5-உம் 6-உம் சேர்ந்து 11. அந்தப் பதினொன்றிலும் ஏழு, இலத்திரனியல், சடப்பொருளின் இயல்புகள் என்ற இரண்டு அலகுகளுக்குள்ளேயே கிடந்தது. “எனக்குப் பௌதிகவியல் வராது” என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால், பதினொரு அலகில் இரண்டு அலகு, ஒரு மணிக்கூடு, ஒரு பெருக்கல் பழக்கம் என்று வேலை சுருங்கிவிட்டது.

பெருக்கல் பிழை ஏன் அத்தனை? நண்பர் அவன் வழமையாகப் படிக்கும் மேசையைப் போய்ப் பார்த்தார். கொப்பிக்குப் பக்கத்தில் தொலைபேசி, அதில் கணிப்பான் திறந்தபடி. உயர்தரப் பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் கணிப்பானுக்கு இடமில்லை. வினாத்தாளின் முகப்பிலேயே அது அச்சிட்டிருக்கிறது. வருடம் முழுக்கக் கணிப்பானோடு பயிற்சி செய்துவிட்டு, பரீட்சை நாளில் மட்டும் கையால் வகுத்தால் நேரமும் போகும், விடையும் போகும். வெளியிலிருந்து வருகிற ஒரு ஆளின் கண்ணுக்குத்தான் இப்படியான விஷயம் தெரியும். ஆகவே கட்டாயம் ஒரு தடவையாவது அவன் படிக்கும் இடத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

நேரத்துக்கு அவர்கள் செய்த ஏற்பாடு இது. முதல் சுற்றில் 50 வினாவையும் 70 நிமிடத்துக்குள் கடப்பது. வினாவை வாசித்து ஒரு நிமிடத்துக்குள் கை எழுதத் தொடங்கவில்லை என்றால் இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. மிச்ச நேரத்தில் வட்டமிட்டவற்றுக்குத் திரும்புவது. கடைசி ஐந்து நிமிடத்தில் வெறுமையாக இருக்கும் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு விடையை அடையாளமிடுவது, ஏனென்றால் பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. கேட்பதற்கு இலகு. செய்யும்போது, பாதி செய்த கணக்கை விட்டுவிட்டு நகர்வது ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்கு மிகவும் கடினம். முதல் இரண்டு மூன்று வாரம் நீங்கள் “அடுத்தது” என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாம் பத்திரத்துக்கு வேறு கவனம் வேண்டும். 3 மணித்தியாலம்; நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டாயம், கட்டுரை வினாக்கள் ஆறில் நான்கு. பௌதிகவியலின் அமைப்புக் கட்டுரைப் பகுதி பெரும்பாலும் பரிசோதனைகளைச் சுற்றியே வரும். பாடசாலையை விட்டு வெளியே வந்து இரண்டு வருடமான பிள்ளை ஆய்வுகூடத்தை மறந்திருக்கும். பழைய பாடசாலையின் பௌதிகவியல் ஆசிரியரிடம் போய், வாரத்தில் ஒரு பின்னேரம் ஆய்வுகூடத்தில் நிற்க முடியுமா என்று கேளுங்கள். அவன் வெட்கப்படுவான், அவனுக்காக நீங்கள் கேட்கலாம். நல்ல ஆசிரியர் யாரும் மறுத்து நான் கண்டதில்லை. நுணுக்குமானியைக் கையில் பிடித்து வாசித்தவனுக்கு அதைப் பற்றிய வினா வேறு மாதிரித் தெரியும்.

தாள்களைத் திருத்தும்போது ஒரு கொப்பியில் திகதி, தொட்ட வினா, சரி, நேரத்தால் போனது, கவனத்தால் போனது, தெரியாதது என்று ஆறு நிரல் போட்டு எழுதி வையுங்கள். அந்தப் பையனுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு தொட்டது 47, சரி 29 என்று வந்தது. அன்றைக்கும் அவன் “இருபத்தொன்பதுதானே” என்றுதான் சொன்னான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினார். இதைச் செய்யும்போது கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: எண் ஏறாமல் நான்கைந்து வாரம் அப்படியே நின்றால், எந்த நிரல் அசையவில்லை என்று பாருங்கள். ‘தெரியாதது’ நிரல் நிற்கிறது என்றால் அந்த அலகுக்கு மட்டும் ஒரு ஆசிரியரைத் தேட வேண்டும். ‘கவனம்’ நிற்கிறது என்றால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. இரவு இரண்டு மணி வரைக்கும் விழித்திருப்பதை வீட்டில் பெருமையாகப் பேசுவார்கள். கொப்பி அதற்கு வேறு கணக்குச் சொல்லும்.

நான்காவது: விண்ணப்பங்கள்

இது சலிப்பான வேலை. அதனாலேயே நண்பன் எடுத்துச் செய்ய வேண்டியது. பாடசாலைப் பரீட்சார்த்திகளுக்கு அதிபர் அலுவலகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது தடவை எழுதுகிறவர் பெரும்பாலும் தனிப்பட்ட பரீட்சார்த்தி. பரீட்சைகள் திணைக்களத்தின் www.doenets.lk தளத்தில் அறிவித்தல் வரும் திகதியை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மனம் விட்டுப்போனவன் முடிவுத் திகதியைத் தவறவிடுவான். சில வேளை வேண்டுமென்றே தவறவிடுவான், பிறகு “திகதி தெரியாமல் போய்விட்டது” என்பான். அறிவித்தல் வந்த வாரத்திலேயே பக்கத்தில் இருந்து நிரப்புங்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பாட இலக்கங்களும் மொழி மூலமும் சரியா என்று இருவரும் தனித்தனியே வாசியுங்கள். கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டை உங்கள் தொலைபேசியிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விண்ணப்பமும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது தடவையின் பெறுபேற்றிலேயே மூன்று பாடமும் சித்தியடைந்து, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால் அவன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவன். “மெடிசின் வராது, பிறகு ஏன்?” என்று விண்ணப்பத்தையே போடாமல் விடுவது வழமை. போட வையுங்கள். ஆனால் இடம் கிடைத்துப் பதிவு செய்வதற்கு முன், பதிவு செய்தவர் அடுத்த பெறுபேற்றில் மறுபடி விண்ணப்பிப்பது பற்றிய விதிகளை மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடத்துக் கைநூலில் சேர்ந்து வாசியுங்கள். ரியூசன் வாசலில் கேட்ட கதையை நம்பி முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

ஐந்தாவது: வேறு வழிகளைப் பற்றிப் பேசுவது

முதல் நாளில் வேண்டாம் என்று சொன்ன பேச்சு இதுதான். கொப்பியில் நான்கைந்து வரிகள் ஏறிய பிறகு பேசுங்கள். அப்போது அது கைவிடுகிற பேச்சாகக் கேட்காது. பரீட்சை மண்டபத்துக்குள் ‘இது போனால் எதுவுமே இல்லை’ என்று நுழைகிறவனின் கை நடுங்கும். ஆகவே இந்தப் பேச்சும் பரீட்சைக்கான ஆயத்தம்தான்.

“ஏதாவது கிடைக்கும்” என்று பொதுவாகச் சொல்லாமல், இடத்தின் பெயரோடு சொல்லுங்கள். உயிரியல் பிரிவில் மூன்று சித்தியோடு இருப்பவனுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயமும் விஞ்ஞானமும் தாதியமும் இருக்கின்றன. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. ஆசிரியத் தொழில் பிடித்தால் தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அவன் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி அல்லது தகைமை என்ன, இன்றைய எண்ணோடு எவை கைக்கெட்டும், இன்னும் 0.2 கூடினால் எவை வரும் என்று ஒரு தாளில் மூன்று வரிசையாக எழுதுங்கள். முடிந்தால் அவற்றில் ஒன்றில் படிக்கும் ஒருவரோடு பேச வையுங்கள். சித்த மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவரோடு அரை மணித்தியாலம் பேசுவது, உங்களுடைய பத்துப் புத்திமதிக்குச் சமம்.

பிறகுதான் வீடு. பெரும்பாலும் தடை அவனிடம் இருப்பதில்லை. “டொக்டர் மகன்” என்று சொல்லிப் பழகிவிட்ட வீட்டில் இருக்கிறது. வயலை ஈடு வைத்தோ, சவூதியிலிருந்து வந்த பணத்திலோ ரியூசன் கட்டியவர்களிடம் போய், அவர்கள் ஆசை பிழை என்று சொல்லாதீர்கள். அந்தத் தாளை அம்மாவின் கையில் கொடுங்கள். “அம்மா, இவன் இந்த முறையும் முதலாவதாக இதற்குத்தான் எழுதுகிறான். வராவிட்டால் இந்த வரிசையில் இருப்பவை வரும்” என்று சொல்லுங்கள். “அப்படியென்றால் மூன்று வருடமும் வீண்தானே மகன்” என்று கேட்பார். வீண் இல்லை என்று வாதாடாமல், முதல் தடவை எஃப் எடுத்த பாடம் இப்போது எங்கே நிற்கிறது என்பதைக் காட்டுங்கள். அன்றைக்கே ஒப்புக்கொள்ள மாட்டார். தாள் வீட்டில் இருக்கட்டும்.

ஆறாவது: மாரியும் பரீட்சையும்

முன்பு ஓகஸ்ட் மாதத்தில் நடந்த பரீட்சை 2024-இலும் 2025-இலும் நவம்பரில் வந்தது. கிழக்கில் நவம்பர் என்றால் மாரி. 2024-இல் பரீட்சை தொடங்கிய சில நாட்களிலேயே வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4-ஆம் திகதிதான் மீண்டும் ஆரம்பமானது. 2025 நவம்பர் இறுதியிலும் டித்வா புயல் வந்து மிச்சப் பாடங்களை ஒத்திவைக்க வைத்தது. ஆகவே பரீட்சை மாரிக்குள் வந்தால் இதை எதிர்பாராத விபத்தாக நினைக்காமல் திட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படுவான்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவன் என்றால், பரீட்சை நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு உறவினர் வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். மழை தொடங்கிய பிறகு பேசினால் தாமதம். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பிளாஸ்ரிக் உறைக்குள் போடுங்கள். மின்சாரம் இரண்டு மூன்று நாள் போகலாம் என்று நினைத்து, தொலைபேசியில் இருக்கும் குறிப்புகளில் முக்கியமானவற்றைத் தாளில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பரீட்சை இடையில் நின்றுபோனால் உண்மையான ஆபத்து அந்த இடைவெளியில் இருக்கிறது. எழுதிய பாடத்தின் விடைகளை எல்லோரும் ஒப்பிடுவார்கள். “மச்சான், ஏழாவதுக்கு நீ என்ன போட்டாய்?” என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது தடவை எழுதுகிறவனுக்கு அதில் ஒரு பிழை தெரிந்தால் போதும், மிச்ச இரண்டு பாடத்தையும் மனத்தால் விட்டுவிடுவான். எழுதிய பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று தொடங்குவதற்கு முன்பே இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அந்த நாட்களில் இன்னும் எழுதாத பாடத்தின் ஒரு பழைய தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வெள்ளத்தில் போக முடியாவிட்டால் தொலைபேசியில் நேரம் பாருங்கள்.

ஏழாவது: பெறுபேறு வருகிற நாள்

பெறுபேறு இணையத்தில் வந்தவுடன் தளம் நெரிசலில் திறக்க மறுக்கும். அதற்குள் சித்தப்பாவும் அயலவரும் சுட்டெண்ணைக் கேட்டு அழைப்பார்கள். சுட்டெண் அவனுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். அவன் விரும்பினால் முதலில் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். விரும்பாவிட்டால் பக்கத்தில் இருங்கள், அவ்வளவுதான். அன்றிரவு அவனைத் தனியே விட வேண்டாம். எண் எப்படி வந்திருந்தாலும் அன்றைக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து இரண்டு திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: மீளாய்வு விண்ணப்பத்தின் முடிவுத் திகதி, பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முடிவுத் திகதி. ஒரு பாடம் மட்டும் கொப்பியில் இருந்த எண்களோடு துளியும் பொருந்தாமல் கீழே வந்திருந்தால் மீளாய்வுக்குப் போடலாம். மூன்றையும் போடுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை எழுதும்போது, ‘இது எனக்குக் கிடைக்கும்’ என்று தோன்றுவதை மேலே போடாமல், உண்மையில் எது வேண்டுமோ அந்த ஒழுங்கில் இறக்கிக்கொண்டு வர வேண்டும். மேலே இருக்கும் தெரிவு கிடைத்துவிட்டால் கீழே இருப்பவற்றைப் பார்க்க மாட்டார்கள். முன்பு எழுதிய அந்த மூன்று வரிசைத் தாளை எடுத்து, புதிய எண்ணோடு மறுபடி எழுதுங்கள். வரிசைகள் இடம் மாறியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துப் படிவத்தை நிரப்பலாம்.